பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவே

தேர்வுத் தாளில் அந்தக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் வரும். கோவையில் வெட் கிரைண்டர் உதிரிப்பாகம் செய்யும் பட்டறை ஒன்று ரூ. 5,00,000 கொடுத்து ஒரு லேத் வாங்க நினைக்கிறது. அந்த லேத்தால் முதல் ஆண்டு முடிவில் ரூ. 1,20,000, இரண்டாம் ஆண்டு ரூ. 1,60,000, மூன்றாம் ஆண்டு ரூ. 2,00,000, நான்காம் ஆண்டு ரூ. 1,50,000, ஐந்தாம் ஆண்டு ரூ. 1,00,000 ரொக்கமாக வரும். அதன்பின் லேத்துக்கு விலை இல்லை. வரியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்த முதலீட்டின் ஐ.ஆர்.ஆர். என்ன? வங்கி 14.5% வட்டிக்குக் கடன் தருகிறது என்றால் லேத்தை வாங்கலாமா?

வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் எக்செல் தாளில் ஆறு எண்களைத் தட்டி `=IRR(A1:A6)` என்று போட்டால் கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும். பி.காம்., சி.ஏ., சி.எம்.ஏ. எழுதும் பிள்ளைகளின் மேசையில் இருப்பதோ கடைக்காரர் வைத்திருக்கும் அதே சாதாரணக் கால்குலேட்டர்தான். அதில் ஐ.ஆர்.ஆர். என்று ஒரு பொத்தான் கிடையாது. ஏதாவது ஒரு வட்டி விகிதத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும், இன்னொன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு இழுத்து விடையைப் பிடிக்க வேண்டும். இந்த வழியைப் பலர் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். கோடு எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் குறைவு. மேலே உள்ள கணக்கில் அந்தச் சாய்வு லேத்தை வாங்குவதா வேண்டாமா என்பதையே மாற்றிவிடும்.

முதலில் நாம் தேடுவது என்ன என்று பார்த்துவிடலாம். பட்டறைக்காரர் ஐந்து லட்சத்தையும் கடனாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் வட்டி ஏறும். லேத் சம்பாதித்துக் கொடுத்த பணம் முழுவதையும் அவர் அந்தக் கடனில் கட்டிவிடுகிறார். மீதிக்கு மறுபடி வட்டி ஏறும், மறுபடி கட்டுகிறார். ஐந்தாம் ஆண்டு கடைசித் தவணையைக் கட்டியதும் கடன் கணக்கு ஒரு ரூபாய் மிச்சமில்லாமல் பைசலாக வேண்டும். எந்த வட்டியில் அப்படிச் சரியாகப் பைசலாகும்? அதுதான் ஐ.ஆர்.ஆர். அதைவிட மலிவாகக் கடன் கிடைத்தால் கையில் பணம் மிஞ்சும். அதைவிட ஒரு புள்ளி கூடினாலும் லேத்தின் சம்பாத்தியம் கடனுக்குப் போதாது.

வெளிச் சந்தையின் வட்டி எதுவும் இந்த விகிதத்துக்குள் நுழைவதில்லை, திட்டத்தின் சொந்த வரவு செலவுகளிலிருந்தே அது பிறக்கிறது. பெயரில் 'அக' என்ற அடைமொழி அதனால்தான் வந்தது. கென்னத் போல்டிங் என்ற பொருளாதார அறிஞர் 1935இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தப் பெயரைக் காணலாம். அடுத்த ஆண்டே கெய்ன்ஸ் தம் நூலில் ஏறக்குறைய இதே கருத்தை வேறு பெயரில் சொன்னார்.

சரி, நேரடியாக ஒரு சூத்திரம் போட்டுக் கண்டுபிடிக்கக் கூடாதா? ஐந்து ஆண்டுக் கணக்கு என்றால் விகிதம் ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. இருபடிச் சமன்பாட்டுக்கு நாம் பள்ளியில் படித்ததுபோல, எல்லா ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்கும் பொருந்தும் மூலக்குறிச் சூத்திரம் கிடையவே கிடையாது என்று நார்வே நாட்டுக் கணித மேதை ஏபெல் 1824இல் நிறுவிவிட்டார். எக்செல்கூட உள்ளே ஒரு விகிதத்தைப் போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட்டுப் பார்க்கிறது. மாணவர் செய்வதும் அதே வேலைதான், மெதுவாகச் செய்கிறார், அவ்வளவே.

ஆனால் எந்த விகிதத்திலிருந்து தொடங்குவது? பலரும் யோசிக்காமல் பத்து சதவீதத்தில் ஆரம்பிக்கிறார்கள். அது நேரத்தை வீணடிக்கும். ஐந்து வரவுகளையும் கூட்டினால் ரூ. 7,30,000. ஐந்தால் வகுத்தால் ஆண்டுச் சராசரி ரூ. 1,46,000. முதலீட்டை இந்தச் சராசரியால் வகுத்தால் 3.425 கிடைக்கும். இதைப் பாடப்புத்தகங்கள் போலி மீட்புக் காலம் என்பார்கள். வரவு ஒவ்வொரு ஆண்டும் ஒரே அளவாக இருந்திருந்தால் சுமார் மூன்றரை ஆண்டில் முதல் திரும்பியிருக்கும் என்பது அதன் பொருள்.

இந்த 3.425ஐ எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் வந்தால் இன்றைய மதிப்பு என்ன என்று சொல்லும் அட்டவணையில் ஐந்தாம் ஆண்டு வரியைப் பாருங்கள். 14% என்ற இடத்தில் 3.433, 15% என்ற இடத்தில் 3.352 என்று இருக்கும். நம்முடைய எண் இரண்டுக்கும் நடுவே, 14ஐ ஒட்டி நிற்கிறது. வரவுகள் எல்லாம் சமமாக இருந்தால் இதுவே விடை. இங்கே சமமில்லை, அதனால் இது தொடக்கப் புள்ளி மட்டும். பெரிய வரவுகள் முன்னாலேயே வந்துவிட்டால் உண்மை விகிதம் இதைவிடக் கூடும், பின்னால் தள்ளிப்போனால் குறையும். நம் கணக்கில் முதல் ஆண்டும் கடைசி ஆண்டும் மெலிந்திருக்கின்றன, நடு ஆண்டுகள் கொழுத்திருக்கின்றன. கடைசி ஆண்டின் மெலிவு முதல் ஆண்டின் மெலிவைவிடப் பெரிது. எனவே மொத்தத்தில் பணம் கொஞ்சம் முன்னாடியே வருகிறது, விகிதம் 14ஐவிடச் சற்று மேலே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அட்டவணையைத் தொட்டு அரை நிமிடம்கூட ஆகவில்லை, 14, 15 என்ற இரண்டு விகிதங்கள் கையில் வந்துவிட்டன.

இனி 14% போட்டுப் பார்ப்போம். ஓராண்டு கழித்து வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 0.877. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு 0.769, 0.675, 0.592, 0.519. ஒவ்வொரு வரவையும் அதற்குரிய காரணியால் பெருக்கினால் 1,05,240, 1,23,040, 1,35,000, 88,800, 51,900 வரும். கூட்டுத்தொகை ரூ. 5,03,980. முதலீட்டைக் கழித்தால் ரூ. 3,980 மிச்சம். பதினாலு சதவீத வட்டியை லேத் தாங்குகிறது, கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது.

அடுத்து 15%. காரணிகள் 0.870, 0.756, 0.658, 0.572, 0.497. பெருக்கிக் கூட்டினால் ரூ. 4,92,460. முதலீட்டுக்கு ரூ. 7,540 குறைகிறது. பதினைந்தை லேத் தாங்கவில்லை. ஆக, விடை இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒளிந்திருக்கிறது.

இங்கே கால்குலேட்டர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வினாத்தாளில் காரணிகள் தரப்படாவிட்டால் பல மாணவர்கள் ஐந்து காரணிகளையும் தனித்தனியே கண்டுபிடித்து, எழுதி, பெருக்கி, கூட்டி நேரத்தைத் தொலைக்கிறார்கள். கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கி வந்தால் அத்தனையும் வேண்டாம். 1,00,000 என்று தட்டி 1.14ஆல் வகுங்கள். வந்த எண்ணோடு 1,50,000 கூட்டுங்கள், மறுபடி 1.14ஆல் வகுங்கள். 2,00,000 கூட்டி வகுங்கள், 1,60,000 கூட்டி வகுங்கள், 1,20,000 கூட்டி வகுங்கள். திரையில் 5,04,121 நிற்கும். ஒவ்வொரு முறை வகுக்கும்போதும் பணம் ஓராண்டு பின்னோக்கி நகர்கிறது, கடைசி ஆண்டுப் பணம் ஐந்து முறையும் முதல் ஆண்டுப் பணம் ஒரு முறையும் வகுபடுகின்றன. தட்டத் தட்ட வரிசையாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும் சாதாரணக் கால்குலேட்டரில்தான் இது சுலபம். அடைப்புக்குறி போடும் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் சமக்குறியை அழுத்த வேண்டும்.

அட்டவணையில் 5,03,980 வந்தது, இங்கே 5,04,121 வருகிறதே என்று பதற வேண்டாம். அட்டவணைக் காரணிகள் மூன்று தசமத்தோடு நின்றுவிடுகின்றன, வித்தியாசம் அதனால்தான். இதே முறையில் 15% போட்டால் 4,92,315 வரும். கடைசி விடையில் இது இரண்டு தசமம் வரை எதையும் மாற்றப்போவதில்லை. விடைத்தாளில் மட்டும் காரணிகளோடு ஒரு பட்டியல் போட்டுக் காட்டுங்கள். படிகளுக்குத்தான் மதிப்பெண், கால்குலேட்டர் திரையில் நின்ற எண்ணைத் திருத்துபவர் பார்க்க முடியாது.

இப்போது நேர்கோட்டுக்கு வருவோம். பதினாலிலிருந்து பதினைந்துக்குப் போகையில் மதிப்பு +3,980இலிருந்து −7,540க்கு இறங்குகிறது. மொத்த இறக்கம் ரூ. 11,520. ஒரு சதவீதம் கூட்டினால் இவ்வளவு இறங்குகிறது. நமக்கு வேண்டியது 3,980 ரூபாய் இறக்கம் மட்டும், அப்போதுதான் பூஜ்யத்தைத் தொடும். 3,980ஐ 11,520ஆல் வகுத்தால் 0.345. ஆகவே ஐ.ஆர்.ஆர். 14 + 0.345, அதாவது 14.35%. சூத்திரம் என்று தனியாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. மொத்த இறக்கத்தில் எவ்வளவு பங்கு இறங்கினால் தரையைத் தொடுவோம் என்ற கேள்விதான் அது.

மனப்பாடம் செய்தவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் முதல் மதிப்பிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும் என்றிருக்கும். இரண்டாவது மதிப்பே கழித்தல் குறியோடு இருக்கிறது, எனவே கழித்தலைக் கழித்தால் கூட்டல். அவசரத்தில் 3,980இலிருந்து 7,540ஐக் கழித்து −3,560 என்று எழுதிவிடுவார்கள். வகுத்தால் −1.118, விடை 12.88% என்று வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். பதினாலைத் தாங்கிய லேத் பதினைந்தைத் தாங்கவில்லை என்று நாமே எழுதியிருக்கிறோம், விடை எப்படி 12.88 ஆகும்? இரண்டு விகிதங்களுக்கும் வெளியே விடை விழுந்தால் குறியில்தான் கோளாறு. இன்னொன்றும் பாருங்கள்: +3,980 பூஜ்யத்துக்கு அருகில், −7,540 தொலைவில். எனவே விடை 14ஐ ஒட்டி இருக்க வேண்டும், பதினாலரையைத் தாண்டக் கூடாது. 14.65 என்று வந்தால் மேலே 3,980க்குப் பதில் 7,540ஐப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

ஒருமுறை அதிகமாகவும் ஒருமுறை குறைவாகவும் வரும்படி இரண்டு தவறான விடைகளைப் போட்டு, அவற்றின் பிழைகளிலிருந்து சரியானதைப் பிடிக்கும் இந்த வழி மிகப் பழையது. சீனர்களின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழங்காலக் கணித நூலில் மிகுதி, குறைவு என்று இதற்கே ஓர் அத்தியாயம் உண்டு. அரபுக் கணிதர்கள் இதற்கு இரண்டு தவறுகளின் கணக்கு என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அந்த அரபுப் பெயரை லத்தீனில் எழுதி ஃபிபனாச்சி 1202இல் ஐரோப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பழைய கணக்குகளில் பல நேர்கோட்டுக் கணக்குகள், எனவே விடை துல்லியமாக வந்துவிடும். வட்டிக் கணக்கு நேர்கோட்டில் போகாது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

போலி மீட்புக் காலம் எல்லாம் பார்க்காமல், கையில் கிடைத்த வசதியான எண்களான 10%, 20% இரண்டையும் ஒரு மாணவர் போட்டுப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10%இல் மிகுதி ரூ. 55,990. 20%இல் குறைவு ரூ. 60,700. மொத்த இறக்கம் 1,16,690. 55,990ஐ இதனால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 4.80. விடை 14.80%. வழிமுறையில் எந்தத் தவறும் இல்லை, குறிகள் சரி, கூட்டல் சரி. ஆனால் நம் கேள்வியில் வங்கி வட்டி 14.5%. இந்த மாணவர் 'ஐ.ஆர்.ஆர். அதிகம், எனவே லேத்தை வாங்கலாம்' என்று முடிக்கிறார். பக்கத்து மேசையில் 14, 15 போட்டவர் 14.35% என்று கண்டு 'வாங்க வேண்டாம்' என்று முடிக்கிறார்.

யார் சொல்வது சரி? கடன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். முதலில் 14.80%. ஐந்து லட்சத்துக்கு வட்டி ஏறி ரூ. 5,74,000 ஆகிறது. 1,20,000 கட்டினால் மீதி 4,54,000. அடுத்த ஆண்டு வட்டியேறி 1,60,000 கட்டிய பின் 3,61,192. மூன்றாம் ஆண்டு முடிவில் 2,14,648. நான்காம் ஆண்டு முடிவில் 96,416. ஐந்தாம் ஆண்டு அது வட்டியோடு 1,10,686 ஆகிறது, லேத் தருவதோ 1,00,000. கடன் பைசலாகவில்லை, ரூ. 10,686 நிற்கிறது. 14.80% ஐ.ஆர்.ஆர். இல்லை என்பது தெரிந்துவிட்டது.

இந்தப் பிழை குருட்டாம்போக்கில் வந்ததல்ல. பத்து சதவீதத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போகையில் மதிப்பு ஒவ்வொரு சதவீதத்துக்கும் சுமார் ரூ. 13,400 இறங்குகிறது. பதினாலிலிருந்து பதினைந்துக்கு 11,520. பதினாறிலிருந்து இருபதுக்குச் சதவீதத்துக்கு சுமார் 10,400. வட்டி ஏற ஏற எதிர்கால வரவுகளின் இன்றைய மதிப்பு ஏற்கெனவே சுருங்கிவிடுகிறது, சுருங்கியதிலிருந்து மேலும் வெட்டுவதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது. அதனால் கோடு தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, போகப் போகச் சாய்வு தணிகிறது.

துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் உயரமாக ஓர் ஆணி, தள்ளித் தாழ்வாக இன்னோர் ஆணி, இரண்டுக்கும் நடுவே தொய்வாக ஒரு கொடி. சுவரின் நடு உயரத்தில் சாக்பீஸால் ஒரு படுக்கைக் கோடு கிழித்திருக்கிறோம். தொய்ந்த கொடி அந்தக் கோட்டை ஓரிடத்தில் கடக்கும். அதே இரண்டு ஆணிகளுக்கும் இடையே விறைப்பாக ஒரு கயிறு கட்டினால் அது கொடிக்கு மேலே நிற்கும், சாக்பீஸ் கோட்டைக் கொஞ்சம் தள்ளித்தான் கடக்கும். கொடி உண்மையான மதிப்பு, விறைத்த கயிறு நம் நேர்கோடு. அதனால் மிகுதி தரும் விகிதம் ஒன்றையும் குறைவு தரும் விகிதம் ஒன்றையும் எடுத்து இடைச்செருகல் செய்தால் விடை எப்போதும் உண்மையைவிடக் கூடத்தான் வரும். முதலில் முதலீடு, பிறகு வரவு மட்டும் என்ற வழக்கமான திட்டம் எதுவானாலும் இப்படித்தான். கூடிய விடை திட்டத்தை நல்லதாகக் காட்டும். பட்டறைக்காரருக்கு இது ஆபத்தான பக்கம்.

எவ்வளவு கூடும்? ஆணிகளை நெருங்கி அடித்தால் தொய்வு தெரியாமல் போய்விடும், எண்களிலும் அப்படியே. நம் கணக்கின் உண்மை விடை ஏறக்குறைய 14.345%. 10, 20 என்று பத்துப் புள்ளி இடைவெளியில் 14.80 வந்தது, பிழை சுமார் 0.45. 12, 16 என்று நாலு புள்ளி இடைவெளியில் போட்டால் மிகுதி 29,180, குறைவு 19,080, விடை 14.42, பிழை சுமார் 0.07. 14, 15இல் பிழை இரண்டு தசமத்துக்குள் கண்ணுக்கே தெரியாது. இடைவெளி குறையும் வேகத்தைவிடப் பிழை மிக வேகமாகக் கரைகிறது. இடைவெளி பத்தில் ஒரு பங்கானால் பிழை ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே 14.3456 என்று நாலு தசமம் எழுதிக்கொண்டிருப்பதைவிட விகிதங்களை நெருக்கமாக எடுப்பது எவ்வளவோ மேல். அந்தக் கூடுதல் தசமங்கள் வெறும் அலங்காரம்.

இரண்டு விகிதங்களும் ஒரே பக்கம் விழுந்துவிட்டால்? உதாரணமாக 10%, 12% இரண்டிலும் மிகுதியே வருகிறது, மூன்றாவது முறை போட நேரமில்லை. கோட்டை அப்படியே முன்னோக்கி நீட்டலாம். இதற்குப் பெயர் புறச்செருகல். சதவீதத்துக்கு 13,405 இறங்குகிறது, 29,180ஐ இதனால் வகுத்தால் 2.18, விடை 14.18%. இம்முறை பிழை எதிர்ப்பக்கம், உண்மையைவிடக் குறைவு. தொடக்கத்துச் செங்குத்தான இறக்கம் கடைசிவரை அப்படியே தொடரும் என்று நாம் எடுத்துக்கொண்டதால் கோடு சீக்கிரமே தரையைத் தொட்டுவிட்டது. நேரம் இல்லாதபோது வெறும் தாளை வைப்பதைவிட இது மேல்தான். ஆனால் முதல் விகிதத்தில் மிகுதி வந்ததும் அடுத்த விகிதத்தைத் துணிந்து மேலே எடுத்து ஒரு குறைவைப் பார்த்துவிடுவது நல்லது. குறைவு வந்தால் கீழே இறங்குங்கள். எந்தப் பக்கம் போவது என்று தடுமாறினால் கடன் கணக்கை நினைத்தால் போதும்: மிஞ்சுகிறது என்றால் லேத் இன்னும் கூடுதல் வட்டியைத் தாங்கும்.

வினாத்தாளே '10%, 20% விகிதங்களைப் பயன்படுத்துக' என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் அவற்றையே பயன்படுத்தி 14.80% என்று எழுதுங்கள். விடைக் குறிப்பில் அதுதான் இருக்கும். விகிதம் எதுவும் சொல்லாமல் அட்டவணை மட்டும் கொடுத்திருந்தால் அதில் உள்ள நெருங்கிய இரண்டை எடுங்கள். எந்த இரண்டை எடுத்தீர்கள் என்பதைத் தெளிவாக எழுதிவிட்டால் இரண்டாம் தசமத்தில் வரும் வித்தியாசத்துக்கு எந்த நியாயமான திருத்துநரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார். வங்கி வட்டிக்கு மிக அருகில் விடை விழுந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அப்போது ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வங்கி வட்டியான 14.5%ஐயே நேரடியாகப் போட்டுப் பார்த்துவிடலாம். மிகுதி வந்தால் வாங்கலாம், குறைவு வந்தால் வேண்டாம். அந்த முடிவுக்கு இடைச்செருகலே தேவையில்லை.

இந்த வழி கைகொடுக்காத இடமும் ஒன்று உண்டு. கல்குவாரி போன்ற திட்டத்தில் முதலில் செலவு, பிறகு வரவு, கடைசியில் குழியை மூடி நிலத்தைச் சீராக்க மறுபடி பெரிய செலவு என்று வரலாம். குறி இரண்டு முறை மாறுகிறது. உதாரணத்துக்கு இன்று 1,600 செலவு, அடுத்த ஆண்டு 10,000 வரவு, அதற்கடுத்த ஆண்டு 10,000 செலவு என்று வைத்துப் பாருங்கள். 25%இலும் பூஜ்யம் வரும், 400%இலும் பூஜ்யம் வரும். இரண்டில் எது ஐ.ஆர்.ஆர். என்று கேட்டால் பதில் இல்லை. கணக்கைத் தொடங்குமுன் வரவு செலவுகளின் குறிகளை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். குறி ஒரே ஒருமுறை மாறினால் பூஜ்யத்தைத் தொடும் இடமும் ஒன்றுதான். பல முறை மாறினால் நிகர மதிப்பை வைத்தே முடிவைச் சொல்லிவிடுங்கள், ஐ.ஆர்.ஆர். நம்பத் தகுந்ததல்ல என்று ஒரு வரி எழுதுங்கள்.

விடை எழுதிய பிறகு ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால் அதைக் கடன் கணக்குக்குக் கொடுங்கள். 14.35% போட்டால் ஐந்து லட்சம் முதல் ஆண்டு முடிவில் 4,51,750 ஆக நிற்கும். அடுத்து 3,56,576, அடுத்து 2,07,745, நான்காம் ஆண்டு முடிவில் 87,556. ஐந்தாம் ஆண்டு வட்டியோடு அது 1,00,120 ஆகிறது, லேத் 1,00,000 கட்டுகிறது. ஐந்து லட்ச ரூபாய்க் கடன், ஐந்து ஆண்டு வட்டி, கடைசியில் நிற்கும் பாக்கி சுமார் 120 ரூபாய்.